சூட்கேஸைக் கவிழ்த்துப் பாருங்கள்

விமானம் தரையிறங்கிய பிறகு பெட்டி வந்து சேரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், கவுண்டரில் இருப்பவர் ஓர் அட்டையை நம் முன் வைப்பார். பலவகைப் பெட்டிகளின் படங்கள் அதில் வரிசையாக இருக்கும். ஐயாட்டா என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த அடையாள அட்டை அது. நிறத்துக்கு ஒரு குறியீடு, வடிவத்துக்கு ஓர் எண், பிறகு வெளி உறுப்புகள்: சக்கரம் உண்டா, இழுக்கும் கைப்பிடி உண்டா, எண் பூட்டா, சுற்றிக் கட்டும் பட்டையா? பெட்டியின் மேல் இருக்கும் பெயர்ப்பட்டை உதிர்ந்துபோகலாம், ஒட்டிய சீட்டு கிழிந்துபோகலாம். உடலோடு சேர்ந்த உறுப்புகள் மாறாது. அதனால்தான் அவற்றை வைத்துத் தேடுகிறார்கள்.

பெட்டியை அடையாளம் காட்டும் இதே உறுப்புகள்தான் அது எத்தனை பயணம் தாங்கும் என்பதையும் காட்டுகின்றன. நீண்ட பயணத்தில் பெட்டியின் ஓடு நடுவில் பிளப்பது குறைவு. சக்கரம் ஓட்டோடு சேரும் இடம், கைப்பிடிக் குழாய் அடித்தளத்தோடு சேரும் இடம், ஓட்டின் மூலை ஆகியவைதான் முதலில் போகும். கடையில் இந்த மூன்றையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

ஓடு: மூலையில் தொடங்குங்கள்

கடினமான ஓடுள்ள எல்லாவற்றையும் கடைகளில் ‘ஃபைபர்’ என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் பெரும்பாலும் மூன்று பிளாஸ்டிக்குகளில் ஒன்றுதான் அங்கே இருக்கும். ஏபிஎஸ் மலிவானது, விறைப்பானது, பளபளப்பு ஏற்றினால் அழகாக நிற்கும். ஆனால் பலமான அடி விழுந்தால் கோடாக விரிசல் விடும். பாலிகார்பனேட் அடி வாங்கும்போது உள்ளே அமுங்கி, மறுபடி பழைய நிலைக்கு வரும். பாலிப்ரொப்பிலீன் எடை குறைந்தது, நன்றாக வளைந்துகொடுக்கும். தொட்டால் லேசான மெழுகுத் தன்மை தெரியும், பளபளப்பு குறைவாக இருக்கும்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியைத் திறந்து, உள்துணியில் ஜிப் இருந்தால் அதை விலக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் பெயரைச் சில பெட்டிகளில் உட்புறத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்: >ABS<, >PC<, >PP<. முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். எதுவும் இல்லாவிட்டால், காலிப் பெட்டியின் அகலமான பக்கத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். அமுங்கி உடனே எழும்பினால் நல்லது. எழும்பிய பிறகு அழுத்திய இடத்தில் வெளிறிய கோடு தங்கினால், அந்தப் பொருள் தன் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

பிளாஸ்டிக்கின் பெயரைவிட, ஓட்டை எப்படிச் செய்தார்கள் என்பது முக்கியம். ஜிப் வைத்த ஏபிஎஸ், பாலிகார்பனேட் பெட்டிகள் பெரும்பாலும் ஒரு தட்டையான தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் இழுத்துப் படியவைத்துச் செய்யப்படுகின்றன. இழுக்கும்போது தகடு அதிகமாக நீள்வது மூலைகளில்தான். ஆக, கீழே விழும்போது முதலில் தரையைத் தொடும் மூலையே ஓட்டின் மெல்லிய பகுதியாக அமைந்துவிடுகிறது. கட்டைவிரலால் நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். பக்கத்தைவிட மூலை எளிதாக உள்ளே போனால், அந்தப் பெட்டி முதலில் விரிசல் விடப்போவது அங்கேதான். வெளிர்நிறப் பெட்டியாக இருந்தால் உள்ளிருந்து செல்பேசி விளக்கை அடித்தாலே தெரியும். மெலிந்த மூலையில் வெளிச்சம் கூடுதலாகக் கசியும்.

இன்னொரு முறை, உருகிய பிளாஸ்டிக்கை மூடிய அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது. இதில் வேண்டிய இடத்தில் தடிமனைக் கூட்டலாம். ஜிப் இல்லாமல் கொக்கிகளால் பூட்டும் பாலிப்ரொப்பிலீன் பெட்டிகள் இப்படி வந்தவை. உட்புறத்தில் ஓட்டோடு ஓட்டாக வார்த்த விலா எலும்பு போன்ற பட்டைகளும், திருகு இறங்குவதற்கான தடித்த மேடுகளும் தெரிந்தால் வார்ப்புப் பெட்டி என்று அடையாளம் கொள்ளலாம்.

ஓட்டின் மேலுள்ள வரிகளும் வெறும் அலங்காரமல்ல. ஜெர்மனியின் ரிமோவா நிறுவனம் 1950-இல் அலுமினியப் பெட்டிகளில் இணைகோடுகளாக வரிகளைக் கொண்டுவந்தது. யுங்கர்ஸ் விமானங்களின் நெளிந்த உலோகத் தோலிலிருந்து வந்த எண்ணம் அது. கூரைக்குப் போடும் தகரத்தில் அலை இருப்பதால் அது மடங்காமல் நிற்பதுபோல, வரி இருந்தால் மெல்லிய தகடும் விறைப்பாக நிற்கும். இன்று விலை குறைந்த ஏபிஎஸ் பெட்டிகளும் அதே வரியோடு வருகின்றன. அதனால் வரியை மட்டும் பார்த்து எந்தப் பெட்டி என்று முடிவு செய்ய முடியாது.

சக்கரம்: இரண்டா, நான்கா?

பெர்னார்டு சேடோ என்ற அமெரிக்கர் சக்கரம் வைத்த சூட்கேஸுக்கு 1972-இல் காப்புரிமை பெற்றார். நான்கு சக்கரம் உள்ள அந்தப் பெட்டியை ஒரு வாரால் இழுத்துப் போக வேண்டும். ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987-இல் பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். எல்லாப் பக்கமும் சுழலும் நான்கு சக்கரப் பெட்டிகள் அதற்குப் பிறகு பரவின.

இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் பாதி உடலுக்குள் புதைந்திருக்கும். பெட்டியை எறிந்தாலும் அடி நேரடியாகச் சக்கரத்தில் விழாது. அளவும் பெரிதாக வைக்கலாம் என்பதால் உடைந்த நடைபாதையிலும் கல் பாவிய தெருவிலும் நன்றாக ஏறி இறங்கும். நான்கு சக்கரப் பெட்டி வழவழப்பான தரையில் விரல் நுனியில் நகரும். ஆனால் சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. விழும் பெட்டியின் முழு எடையையும் ஒரு சிறு தண்டு தாங்க நேரலாம்.

பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் கொஞ்சம் அசைந்தால் குற்றமில்லை. சக்கரத்தோடு சேர்ந்து அதன் கூடும், கூட்டைச் சுற்றிய ஓடும் அசைந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிடுங்கள். பிறகு உள்துணியை விலக்கி, சக்கரம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓட்டை நேரடியாகத் துளைத்து ரிவெட் அடித்திருந்தால், அடி முழுவதும் அந்தச் சிறு துளைகளைச் சுற்றியே குவியும். உட்புறம் ஒரு தகடு கொடுத்து, அதன் மேல் ஸ்க்ரூ போட்டிருந்தால் பாரம் பரவும். சக்கரம் போனாலும் பழுதுபார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் கழற்றி மாற்றலாம். ரிவெட்டை மாற்ற அதைத் துளையிட்டு எடுக்க வேண்டும்.

சக்கரத்தின் மேலுறையையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பாலியூரித்தேன் உறை ஓசையில்லாமல் ஓடும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதைக் காலப்போக்கில் சிதைக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பல ஆண்டு பரணில் கிடந்த பெட்டியை இறக்கி இழுத்தால், பயன்படுத்தாத சக்கரம்கூடக் கட்டி கட்டியாக உதிர்வது இதனால்தான்.

கைப்பிடி: ஆட்டம் எவ்வளவு இருக்கலாம்?

கைப்பிடியை முழுக்க நீட்டி ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களுக்கு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சிறிது வளைந்தாலும் சிக்கிக்கொள்ளும். பார்க்க வேண்டியது வேறு. இரண்டு குழாய்களும் ஒரே நேரத்தில் பூட்டுகின்றனவா? பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாக விடுபடுகின்றனவா? ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால், உள்ளே பூட்டும் முனைகள் தேய்ந்திருக்கலாம் அல்லது குழாய் வளைந்திருக்கலாம்.

அடுத்து, பெட்டிக்குள் கொஞ்சம் எடை வைத்து, நீட்டிய கைப்பிடியால் இரண்டு சக்கரத்தின் மேல் சாய்த்து இழுங்கள். கைப்பிடி வெளிவரும் இடத்தில் ஓடு உப்பினாலோ உள்வாங்கினாலோ, குழாய்களின் அடிமுனை வலுவாகக் கட்டப்படவில்லை. நல்ல பெட்டியில் குழாய்களின் அடியும் சக்கரக் கூடுகளும் ஒரே உறுதியான அடித்தளத்தில் சேரும். பக்கவாட்டிலும் உச்சியிலும் உள்ள சிறு கைப்பிடிகளையும் இழுத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் சுமை தூக்குபவர் பிடிப்பது அவற்றைத்தான்.

ஒரு வீட்டில் இரண்டு பெட்டிகள்

திருச்சியிலிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகும் ஒரு மாணவர் வீட்டில் இரண்டு பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று புதியது: பளபளப்பான நான்கு சக்கரப் பெட்டி, எடை 4 கிலோ. மற்றது அப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது: பெயர்ப்பட்டை உதிர்ந்த இரண்டு சக்கரப் பெட்டி, எடை ஐந்தரைக் கிலோ. விமானத்தில் அனுமதி 23 கிலோ.

புதியதை அழுத்தினால் வெளிறிய கோடு தங்குகிறது, மூலை விரலுக்கு அமுங்குகிறது, உள்ளே பார்த்தால் ரிவெட். இழுத்துச் செய்த ஏபிஎஸ் ஓடு என்று சொல்லிவிடலாம். பழையதில் உட்புறம் 5 என்ற எண், வார்த்த பட்டைகள், மூன்று கொக்கிகள், ஸ்க்ரூவால் பொருத்திய சக்கரங்கள். பெயர் தெரியாவிட்டாலும் இது வார்ப்புப் பாலிப்ரொப்பிலீன் பெட்டி. குறை ஒன்றுதான்: சக்கர உறை உதிர்கிறது.

நான் பழையதைத்தான் எடுத்துப்போகச் சொல்வேன். சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும். ஜெர்மனியின் பழைய நகரங்களில் கல் பாவிய தெருக்கள் நிறைய. அங்கே புதைந்த பெரிய சக்கரம் உதவும். ஒன்றரைக் கிலோ சாமான் குறைவது உண்மையான இழப்புதான். விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் ஏறி நேரே விடுதிக்குப் போகிறவர், ஒரே ஒரு முறை பயணம் செய்கிறவர் என்றால் புதியதே போதும். மூன்று ரயில் மாறி, மாடிப்படி ஏறி, ஒவ்வோர் ஆண்டும் ஊருக்கு வந்து போகிறவருக்குப் பழையதே சரி. கொக்கிகள் இரு ஓடுகளையும் நேராகச் சேர்த்துப் பூட்டுகின்றனவா என்று மட்டும், சாமானை நிரப்பிய பிறகு ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் பெட்டியின் முன்புறம், அடிப்புறம், கைப்பிடி நீட்டிய நிலை ஆகிய மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தொலைந்தால் அந்த அட்டையில் சரியான வடிவத்தைக் காட்ட அவை உதவும். உடைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுண்டரில் எழுதிக் கொடுங்கள். சர்வதேசப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, சேதத்துக்கான எழுத்துப் புகாரைப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் தர வேண்டும். அதே ஒப்பந்தம், பெட்டியிலேயே இருந்த குறையால் வந்த சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல என்றும் சொல்கிறது. மெலிந்த மூலையையும் ஆடும் சக்கரக் கூட்டையும் கடையிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.