396 நொடி: வசவுக்குரிய நாளா?

காலையில் டீம் லீடர் எக்செல் கோப்பைத் திறக்கிறார். நேற்று ஓர் அழைப்புக்குச் சராசரியாக 396 நொடி ஆகியிருக்கிறது. முந்தாநாள் 381. பேசும் நேரம், காத்திருக்க வைத்த நேரம், பேசி முடித்து விவரம் பதியும் நேரம் எல்லாம் சேர்ந்த இந்தக் கணக்கைக் கால் சென்டரில் ஏஎச்டி என்பார்கள். 15 நொடி ஏறிவிட்டதே என்று அன்று எல்லோருக்கும் வசவு. மறுநாள் 368. திட்டியதால்தான் இறங்கியது என்று அவர் நம்பிவிடுகிறார். திட்டாமல் இருந்தாலும் அநேகமாக இறங்கியிருக்கும்.

அதைக் காட்டுவது கட்டுப்பாட்டு வரைபடம். 1924-ல், அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தபோது வால்டர் ஷூவர்ட் வரைந்து காட்டியது.

போடுவது எளிது. கடந்த 20 வேலை நாட்களின் சராசரியை எடுங்கள். இங்கே 372 என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளிலிருந்து எத்தனை நொடி மாறியது என்று பாருங்கள். ஏறியதா இறங்கியதா என்பது வேண்டாம். அந்த மாற்றங்களின் சராசரி 14. அதை 2.66 ஆல் பெருக்கினால் 37. 372-க்கு மேலே 37, கீழே 37. ஆக 409-க்கும் 335-க்கும் நடுவே இந்த எண் தனிக் காரணம் எதுவுமின்றியே ஊசலாடும். நேற்றைய 396 அதற்குள் அடக்கம். அந்த ஒரு நாளுக்கென்று காரணம் தேடுவது வீண் வேலை, வசவு அநியாயம்.

நிர்வாகம் வைத்த 360 நொடி இலக்கை இந்தக் கோடுகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இலக்கு நம் ஆசை. கோடுகள் வேலை நடக்கிற விதத்திலிருந்து வந்தவை. சராசரியே 372 ஆக இருக்கும் இடத்தில் பல நாட்கள் 360-ஐத் தாண்டத்தான் செய்யும்.

இனி உண்மையான மாற்றம். அடுத்த சில வாரங்களில் வந்த எண்கள் இவை: 379, 384, 377, 388, 381, 376, 390, 383. ஒன்றுகூட 409-ஐத் தொடவில்லை, 396-ஐக்கூட எட்டவில்லை. அதனால் யாரும் திட்டு வாங்கவில்லை. ஆனால் எட்டும் நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்கின்றன. எதுவும் மாறாதபோது ஒரு நாள் மேலே விழுவதற்கும் கீழே விழுவதற்கும் ஏறக்குறையச் சம வாய்ப்பு. எட்டு நாளும் தொடர்ந்து மேலேயே விழுவது 256-ல் ஒரு தடவை நடக்கிற விஷயம். இங்கேதான் காரணம் தேட வேண்டும்.

ஏஎச்டியை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் பேச்சு நேரம் அப்படியேதான் இருக்கிறது. விவரம் பதியும் நேரம் மட்டும் 10 நொடி கூடியிருக்கிறது. முதல் நாளன்று மென்பொருளில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருந்தார்கள். அழைப்பின் காரணத்தை நீண்ட பட்டியலில் தேடி அமுக்க வேண்டும். இதில் ஊழியர் செய்வதற்கு ஒன்றுமில்லை. பட்டியலைச் சுருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை வருகிற அழைப்புகள் வேறு ரகமாக இருந்தால் அவற்றை இதில் கலக்காதீர்கள். வாரந்தோறும் ஒரு பெரிய தாவல் புகுந்து 14 வீங்கிவிடும், கோடுகள் அகன்றுவிடும், நிஜ மாற்றம் வந்தாலும் கண்ணில் படாது. ஞாயிறுக்குத் தனி வரைபடம் போடுங்கள்.