எந்த வேலைக்கு எந்த வேலை காத்திருக்கிறது?

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட மறுநாளே வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் கேட்பது, "எப்போ குடி போகலாம்?" என்பதுதான். "ரெண்டரை மாசத்துல முடிச்சிரலாம் சார்" என்று அவரும் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். அந்த இரண்டரை மாதம் எங்கிருந்து வருகிறது, அதில் எந்த நாளைக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடலாம்.

வேலைகளை வரிசையாக எழுத வேண்டாம். முதலில் அவற்றைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது தொடங்க எது முடிந்திருக்க வேண்டும்? பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் வரிசை தானாகக் கிடைக்கும். அது ஒரே நேர்க்கோடாக இருக்காது. ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, பின்னால் வேறோர் இடத்தில் சேரும்.

செங்கல் சுவர் எழுப்பித் தளம் போட்ட, மூன்று அறைகள் உள்ள சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள நாட்கள் உதாரணத்துக்கானவை. ஆட்களைப் பொறுத்தும் வீட்டின் அளவைப் பொறுத்தும் மாறும்.

- சென்ட்ரிங் முட்டுகளைப் பிரிக்கும்வரை காத்திருப்பு: 14 நாள்
- சுவரில் காடி வெட்டி மின் பைப், தண்ணீர் பைப் பதிப்பது: 6 நாள் (முட்டு பிரித்த பின்)
- உள்பூச்சு: 10 நாள் (பைப் முடிந்த பின்)
- பூச்சுக்குத் தண்ணீர் அடிப்பது: 7 நாள்
- பூச்சு காய்வது: 21 நாள் (தண்ணீர் நிறுத்திய பின்)
- பட்டி, பிரைமர்: 8 நாள் (சுவர் காய்ந்த பின்)
- குளியலறைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு, சோதனை: 5 நாள் (பூச்சுக்குத் தண்ணீர் அடித்து முடித்த பின்)
- டைல்ஸ்: 8 நாள் (குளியலறைச் சோதனைக்குப் பின்)
- கதவு மாட்டுவது: 3 நாள் (டைல்ஸ் முடிந்த பின்)
- கடைசிப் பெயின்ட்: 5 நாள் (பட்டியும் கதவும் முடிந்த பின்)
- சுவிட்ச், மின்விசிறி, குழாய்கள்: 3 நாள் (பெயின்ட்டுக்குப் பின்)

இனி கூட்டல்தான். 14ஆம் நாள் முட்டு நீங்குகிறது. பைப் வேலை 20இல் முடிகிறது, பூச்சு 30இல், தண்ணீர் அடிப்பது 37இல். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் சுவர் 58ஆம் நாள்வரை காய்கிறது. பட்டியும் பிரைமரும் 66இல் முடிகின்றன. இன்னொரு கிளையில் குளியலறை 42, டைல்ஸ் 50, கதவு 53. கடைசிப் பெயின்ட்டுக்கு இரண்டு கிளைகளும் வந்து சேர வேண்டும். பின்னால் வருவது 66 என்பதால், பெயின்ட் 66இல் தொடங்கி 71இல் முடியும். சுவிட்சும் குழாயும் மாட்டி முடிக்கையில் 74ஆம் நாள். மேஸ்திரியின் இரண்டரை மாதம் இதுதான்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் 1957 வாக்கில் இதை ஒரு முறையாக வகுத்தார்கள். ரசாயன ஆலைகளைக் கட்டும் வேலையையும் பராமரிக்கும் வேலையையும் திட்டமிடவே அது பிறந்தது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை மிக நீளமாக ஓடும் சங்கிலிதான் மொத்த நாட்களைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். நம் வீட்டில் அந்தச் சங்கிலி முட்டு, பைப், பூச்சு, தண்ணீர், காய்தல், பட்டி, பெயின்ட், சுவிட்ச் என்று ஓடுகிறது. டைல்ஸும் கதவும் அதில் இல்லை.

இதைத் தெரிந்துகொள்வதால் பணம் மிச்சமாகும். "ரெண்டு செட் ஆளைப் போட்டு டைல்ஸை நாலே நாள்ல முடிச்சித் தரேன், கூலி மட்டும் கொஞ்சம் கூட வரும்" என்று யாராவது சொன்னால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் டைல்ஸ் 46ஆம் நாளே முடிந்தாலும் பெயின்ட் 66இல்தான் தொடங்கும். கூடுதல் கூலி வீண். அதே பணத்தில் பூச்சுக்கு இரண்டு செட் கொத்தனார்களைப் போட்டு 10 நாளை 5 ஆக்கினால், வீடு 69ஆம் நாளே தயாராகிவிடும்.

டைல்ஸ் கிளை 53இல் முடிகிறது. 66வரை யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஆக, இடையில் 13 நாள் கையிருப்பு உண்டு. டைல்ஸ் லாரி ஒரு வாரம் தாமதமானால் கவலைப்பட வேண்டாம். பூச்சு மணல் ஒரு வாரம் தாமதமானால் குடிபுகும் தேதியே ஒரு வாரம் தள்ளிப்போகும். கையிருப்பு கிளை முழுவதற்கும் பொது என்பதையும் மறக்கக் கூடாது. குளியலறை வேலை 10 நாளைத் தின்றுவிட்டால், டைல்ஸுக்கும் கதவுக்கும் சேர்த்து மிச்சம் 3 நாள்தான்.

பட்டியலில் இல்லாத ஒரு வேலை உண்டு: கதவு செய்யக் கொடுப்பது. தச்சுப் பட்டறையில் 35 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அது தளத்தில் நடப்பதில்லை என்பதால் பலர் அதை எழுதுவதே இல்லை. பெயின்ட்டுக்கு முன் 63 முதல் 66வரை கதவை மாட்டியாக வேண்டும். பின்னோக்கி எண்ணினால், 28ஆம் நாளுக்குள் ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும். பூச்சு வேலை மும்முரமாக நடக்கும் நேரம் அது. கதவு யாருக்கும் நினைவில் இருக்காது. முன்னோக்கிக் கூட்டுவது எப்போது முடியும் என்பதைச் சொல்கிறது. பின்னோக்கிக் கழிப்பது எப்போது தொடங்கியே ஆக வேண்டும் என்பதைச் சொல்கிறது.

காத்திருப்பதற்கு என்ன காரணம்?

ஒரு வேலை இன்னொன்றுக்குக் காத்திருக்கிறது என்றால், ஏன் என்று கேட்க வேண்டும். சில காத்திருப்புகள் பொருளின் இயல்பிலிருந்து வருபவை. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு, 4.5 மீட்டர்வரை அகலமுள்ள தளத்தின் முட்டை 7 நாளிலும், அதற்கு மேற்பட்டதை 14 நாளிலும், 6 மீட்டர்வரை நீளமுள்ள உத்திரத்தின் முட்டை 14 நாளிலும் எடுக்கலாம் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 456. பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்ட் என்றால் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும். இங்கே எத்தனை ஆட்களைக் கூட்டினாலும் ஒரு நாள்கூடக் குறையாது.

பூச்சு காய்வதும் அப்படித்தான். ஈரமும் சுண்ணாம்பின் காரமும் உள்ளே இருக்கும்போதே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், சில மாதங்களில் அது கொப்புளித்து உரியும். வெள்ளையாக உப்பும் பூக்கும். காய்ந்துவிட்டதா என்று அறிய, வெயில் படாத சுவரில் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு இரவு விட்டுவிடலாம். காலையில் தாளின் உட்புறம் வேர்த்திருந்தால், நாட்காட்டி என்ன சொன்னாலும் சுவர் தயாராகவில்லை.

வேறு சில காத்திருப்புகளுக்குக் காரணம் ஆள். சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆனால் இரண்டையும் ஒரே பிளம்பர் செய்தால், ஒன்று முடிந்துதான் மற்றொன்று. இந்தக் காத்திருப்பை இன்னொரு ஆள் நீக்கிவிடுவார்.

மூன்றாவது வகை வெறும் பழக்கம். வீடு முழுக்க பைப் முடிந்த பிறகுதான் பூச்சு என்பது அந்த வகை. உண்மையில் ஒரு அறையின் பூச்சு அந்த அறையின் பைப்புக்கு மட்டுமே காத்திருக்க வேண்டும். அறைக்கு 2 நாள் என்று பைப் வேலை நகர்ந்தால், முதல் அறையில் 16ஆம் நாளே பூச்சு தொடங்கலாம். பின்னால் வரும் அறைகளிலும் பைப் முன்னால் முடிந்துகொண்டே போவதால், பூச்சு 30க்குப் பதில் 26இல் முடியும். கூடுதல் செலவில்லாமல் 4 நாள் மிச்சம்.

'முடிந்தது' என்றால் என்ன?

வரிசை சரியாக இருந்தும் வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "பைப் முடிஞ்சுதுங்க, பூசிரலாமா?" என்று கொத்தனார் கேட்கிறார். காடியில் பைப் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பூச்சுக்குத் தேவையானது பதித்த பைப் அல்ல, கசியாத பைப். எல்லா வாய்களையும் பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றி, அளவுமானியின் முள் சில மணி நேரம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் இறங்கினால் ஏதோ ஒரு இணைப்பு கசிகிறது. அன்றைக்குச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். பூசி, டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்தால் சுவரை உடைக்க வேண்டும்.

குளியலறைத் தரையிலும் இதே கதைதான். கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். மட்டம் ஆவியாவதற்கு மேல் இறங்குகிறதா, அடுத்த அறைச் சுவரின் அடியில் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ்காரரை உள்ளே விட வேண்டும். அதனால் பட்டியலில் 'பைப் பதிப்பது' என்று எழுதாமல் 'பைப் பதித்து அழுத்தச் சோதனையில் தேறியது' என்று எழுதுவது நல்லது.

தேதி முன்னாலேயே குறித்தாகிவிட்டால் முழுக் கணக்கையும் பின்னோக்கிப் போட வேண்டும். தை மாதத்தில், ஜனவரி 24இல் கிரகப்பிரவேசம் என்றால், 74 நாள் முன்னால் போனால் தளம் போட வேண்டிய கடைசித் தேதி நவம்பர் 11. தாளில் சரியாக வருகிறது. ஆனால் அது வடகிழக்குப் பருவமழையின் நடுக்காலம். பூச்சு டிசம்பர் தொடக்கத்தில் விழும். காய வேண்டிய 21 நாளும் மார்கழிப் பனியில் போகும். வெயில் காலத்துக்குப் போட்ட 21 அங்கே செல்லாது. அது 35 ஆனால் தேதி 14 நாள் தள்ளிப்போகும். எந்தக் கூலியும் அதை மீட்டுத் தராது. எனவே தையில் குடிபுக நினைப்பவர் ஆவணியிலேயே தளத்தைப் போட்டு, மழை பிடிப்பதற்கு முன் உள்பூச்சை முடித்துவிட வேண்டும். முடியாதென்றால், பத்திரிகை அடிக்கும் முன்பே முகூர்த்தத்தைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வதே மேல்.