‘சம்பளம் பிறகு சொல்கிறோம்’ என்று ஆஃபர் வந்தால்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலை. அங்கே தரக்கட்டுப்பாட்டில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். பிடித்தம் எல்லாம் போக மாதம் 42,000 ரூபாய் கையில் வருகிறது. சென்னையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்முகம் முடித்துவிட்டார். ஏப்ரல் நடுவில் மெயில் வருகிறது: ‘உங்களைத் தேர்வு செய்திருக்கிறோம். ஜூலை 1 அன்று சேர வேண்டும். சம்பளம் நிறுவன விதிகளின்படி பின்னர் முடிவு செய்யப்படும். சம்மதம் தெரிவிக்கவும்.’

வீட்டில் இனிப்பு வாங்கியாகிவிட்டது. ‘ஓகே சார்’ என்று உடனே பதில் போட்டுவிடத்தான் கை துடிக்கும்.

கொஞ்சம் பொறுக்கலாம். சம்பளம் எழுதாத ஆஃபர் எல்லாமே ஏமாற்று வேலை அல்ல. பழைய சம்பளச் சீட்டுகளைப் பார்த்த பிறகே எந்த கிரேடு என்று சில நிறுவனங்கள் முடிவெடுக்கும். சில இடங்களில் துறைத் தலைவர் ஆளைத் தேர்ந்தெடுத்திருப்பார், நிதிப் பிரிவின் ஒப்புதல் மட்டும் பாக்கியிருக்கும். இந்த இரண்டு இடங்களிலும் ஹெச்.ஆருக்கு ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். தொகையைச் சொல்ல முடியாவிட்டாலும் அந்த வரம்பைச் சொல்ல முடியும். கேட்டும் சொல்லவில்லை என்றால், பட்ஜெட்டே இன்னும் முடிவாகவில்லை, அல்லது நீங்கள் பழைய வேலையை விட்ட பிறகு பேரம் பேசலாம் என்று காத்திருக்கிறார்கள்.

கேட்பதற்கு முன் நம் கணக்கை நாம் போட்டு வைத்திருக்க வேண்டும். அவர்கள் சொல்லப்போவது சி.டி.சி. கணக்கில், நாம் வாடகை கொடுப்பதோ கைக்கு வரும் பணத்தில். வருடம் 7,80,000 சி.டி.சி. என்று சொல்கிறார்கள் என வைப்போம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 65,000. ஆனால் அதில் பத்து சதவீதம், அதாவது 78,000, வேலைத்திறனைப் பார்த்துக் கொடுக்கும் மாறும் தொகையாக இருக்கலாம். அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதி, பி.எஃப். முழு அடிப்படைக்கும் பிடிக்கிறார்கள் என்றால், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், வருடத்துக்கு 46,800. பணிக்கொடைக்கென 4.81 சதவீதக் கணக்கில் இன்னொரு 18,760 ரூபாயும் சி.டி.சி.க்குள் உட்கார்ந்திருக்கும். அது வேலையை விடும்போது, அதுவும் தேவையான சேவைக் காலம் முடித்திருந்தால்தான் கிடைக்கும். இவற்றைக் கழித்தால் மாதம் சுமார் 53,000. அதிலும் நம் பங்கு பி.எஃப். 3,900 போகும். மிச்சம் 49,000 சொச்சம். தொழில் வரி, காப்பீடு என்று இன்னும் கொஞ்சம் உதிரும்.

42,000 எங்கே, 65,000 எங்கே என்று துள்ளிய மனசு இங்கே அடங்கிவிடும். கூடுதலாக வருவது 7,000 ரூபாய். சென்னையில் தனி வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் அதுவும் நிற்காது. ஆகவே அவர் வரம்பைக் கேட்கும்போதே, அதில் எவ்வளவு நிலையானது, எவ்வளவு மாறும் தொகை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது தேதி. ‘சீக்கிரம் சொல்லுங்கள்’ என்றால் யாருக்கும் அவசரம் வராது. நோட்டீஸ் பீரியடைக் காரணம் காட்டினால் வரும். இவருக்கு நோட்டீஸ் 60 நாள். ஜூலை 1 சேர வேண்டுமானால் மே 1 அன்று ராஜினாமா கொடுத்தாக வேண்டும். கடிதத்தைப் படித்துப் பார்க்க, சந்தேகம் கேட்க சில நாள் வேண்டும். அப்படியானால் ஏப்ரல் 27க்குள் தொகை வர வேண்டும். கெடு வைப்பது நாம் அல்ல, அவர்கள் சொன்ன சேரும் தேதிதான்.

மெயில் ஆங்கிலத்திலேதான் போகும் என்றாலும் சாரம் இப்படி இருக்கலாம்:

‘வணக்கம் மேடம். என்னைத் தேர்வு செய்ததற்கு நன்றி. இந்தப் பொறுப்பில் சேர எனக்கு விருப்பம். சம்பளம் பின்னர் முடிவாகும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்தப் பதவிக்கான வருடாந்திர சி.டி.சி. வரம்பு எவ்வளவு, அதில் நிலையான பகுதி எவ்வளவு என்று இப்போது தெரிவிக்க முடியுமா? இறுதித் தொகையும் பிரிவு விவரமும் உள்ள கடிதம் எந்தத் தேதியில் வரும்? என் நோட்டீஸ் காலம் 60 நாள். ஏப்ரல் 27க்குள் கடிதம் கிடைத்தால் மே 1 அன்று ராஜினாமா கொடுத்து ஜூலை 1 சேர முடியும். தாமதமானால் அதற்கேற்பச் சேரும் தேதியை மாற்றித் தர வேண்டுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் என் சம்மதத்தைத் தெரிவிக்கிறேன்.’

கடைசி வரியைக் கவனியுங்கள். விருப்பம் சொல்லியாகிவிட்டது, சம்மதம் இன்னும் சொல்லவில்லை. ‘ஆஃபரை ஏற்கிறேன்’ என்று எழுதிவிட்டுச் சம்பளம் கேட்டால், கேள்வி இரண்டாம்பட்சமாகிவிடும்.

பதிலாக ‘உங்கள் எதிர்பார்ப்பு என்ன?’ என்று பந்து திரும்பி வரும். வரும் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒரு வரம்பைச் சொல்லலாம். அதன் கீழ் எண், உண்மையிலேயே அந்தத் தொகைக்குச் சேரத் தயாராக இருக்கும் எண்ணாக இருக்கட்டும். எட்டிலிருந்து ஒன்பது என்று நாம் சொன்னால் அவர்கள் காதில் எட்டு மட்டும்தான் விழும். ‘குறை வைக்க மாட்டோம்’, ‘மார்க்கெட்டில் என்ன தருகிறார்களோ அது’ என்ற பதில்களில் எண் இல்லை. அவற்றை வரம்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ப்ரொபேஷன் முடிந்ததும் பார்க்கலாம்’ என்றால் ப்ரொபேஷன் காலச் சம்பளம் எவ்வளவு, திருத்தம் எந்த மாதம், எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று கேட்கலாம். போனில் சொன்னால் அன்றே ‘இன்று பேசியபடி’ என்று தொடங்கி ஒரு மெயில் போட்டுவிட வேண்டும்.

வரம்பு கிடைத்தால் பேச்சைத் தொடரலாம், ராஜினாமா கொடுக்க அது போதாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 29வது பிரிவில், பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: ஒருவர் தன் வெள்ளைக் குதிரையை ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ விற்பதாக ஒப்புக்கொள்கிறார். இரண்டில் எந்த விலை என்று காட்ட எதுவும் இல்லாததால் அது செல்லாது. நாம் வேலை செய்துவிட்டால் அதற்குக் கூலி கேட்கும் உரிமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மனதில் நினைத்திருந்த தொகையைக் கேட்க முடியாது. எது நியாயமான தொகை என்று வழக்காட வேண்டியிருக்கும். அதற்கு மாதச் சம்பளக்காரர் யாரும் கிளம்புவதில்லை.

நம் பொறியாளருக்கு இரண்டு வேலை நாள் பதில் இல்லை. ஒரு நினைவூட்டல் அனுப்புகிறார். மறுநாள் ஹெச்.ஆர். எழுதுகிறார்: வரம்பு 7.8 முதல் 9 லட்சம், கடிதம் 27ஆம் தேதி. கடிதம் 28ஆம் தேதி மாலை வந்து சேர்ந்தது. 8,60,000 சி.டி.சி., அதில் 86,000 மாறும் தொகை, ஏப்ரலில் வழங்கப்படும், அன்று பணியில் இருப்பவர்களுக்கு மட்டும். ஜூலையில் சேருபவருக்கு முதல் ஏப்ரலில் ஒன்பது மாதத்துக்கான பங்கு உண்டா என்று கேட்டு அன்றிரவே இன்னொரு மெயில் போனது. உண்டு என்று பதில் வந்தது 30ஆம் தேதி. மே 1 விடுமுறை என்பதால் ராஜினாமாவை அன்று மாலையே கொடுத்துவிட்டார்.