மாடு ஜெயித்தால் பையருக்கு யார் பதில் சொல்வது?

“பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். ஒரு காளைக்கும் எனக்கும் பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. நான் ஜெயித்தால் அடுத்த வாரம் பதில் வரும். மாடு ஜெயித்தால் மாட்டுக்கே மெயில் போடுங்கள்!”

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருப்பவர், லீவில் போகும்போது இப்படியொரு ஆட்டோ ரிப்ளை போட்டுவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, அவர் ஊரில் இல்லாத நாட்களில் யார் மெயில் அனுப்பினாலும் கணினியே இந்த வாசகத்தைப் பதிலாக அனுப்பிவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் படித்தால் சிரிப்பார். எழுதும்போது மனதில் இருந்தவரும் அவர்தான். ஆனால், கணினிக்குப் பக்கத்து நாற்காலி தெரியாது.

அந்த நான்கு நாட்களில் மெயில் அனுப்பக்கூடிய மூன்று பேரைப் பார்ப்போம். ஜெர்மனியில் இருக்கும் பையருக்குக் கப்பல் என்றைக்குக் கிளம்புகிறது என்று தெரிய வேண்டும். பொங்கல் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஒருவர் மாட்டோடு ஏன் சண்டை போடுகிறார் என்பது அதைவிடப் புரியாது. இரண்டாமவர் சாயப்பட்டறைக்காரர். பில் தொகை இரண்டு மாதமாக வரவில்லை. ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார். அவருக்கு இந்த வாசகம் கிண்டலாகத்தான் படும். மூன்றாமவர் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண். இந்த அலுவலகத்தைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் முதல் எழுத்தே இதுதான்.

மூவருக்கும் வேண்டியது ஒரே தகவல். நீங்கள் எப்போது வருவீர்கள், அதுவரை யாரைக் கேட்பது, நான் அனுப்பிய மெயிலை யாராவது பார்ப்பார்களா? காளை வாசகத்தில் இதில் எதற்குமே பதில் இல்லை. “அடுத்த வாரம்” என்று ஒன்று இருக்கிறதே என்றால், அதுதான் இருப்பதிலேயே மோசமான பகுதி. ஆட்டோ ரிப்ளையை எழுதுவது ஒரு நாள், அது போய்ச் சேர்வது வேறொரு நாள். புதன்கிழமை படிப்பவருக்கு அடுத்த வாரம் என்றால் வரும் திங்கள். திங்கள் அதிகாலையில் படிப்பவருக்கு அது இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. நாளை, நேற்று, இந்த வாரம் போன்ற சொற்களுக்கு இதில் இடமே இல்லை. தேதிதான் எழுத வேண்டும். அதிலும் மாதத்தைப் பெயரால் எழுத வேண்டும். 05/02 என்று போட்டால் நமக்கு அது பிப்ரவரி 5. அமெரிக்கருக்கு மே 2.

“18 வரை லீவு” என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 18ஆம் தேதி ஆள் இருப்பாரா, மாட்டாரா? திரும்பி வந்து உட்காரும் நாளைக் கிழமையோடு சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. காளையை அவிழ்த்துவிட்டு எழுதினால் இப்படி வரும்:

“வணக்கம். தங்கள் மெயில் கிடைத்தது. பொங்கல் விடுமுறையில் இருக்கிறேன். 2026 ஜனவரி 19, திங்கட்கிழமை பணிக்குத் திரும்பி, தங்களுக்குப் பதில் எழுதுகிறேன். ஷிப்மென்ட் தொடர்பாக அதற்குள் தகவல் வேண்டுமானால் (பெயர், மெயில் முகவரி) அவர்களைத் தொடர்புகொள்ளவும். நன்றி.”

சில வாக்கியங்கள்தான். “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன்” என்று நீட்டி முழக்கவில்லை. லீவு எடுப்பது குற்றமல்ல, மன்னிப்புக் கேட்க அதில் ஒன்றுமில்லை. குடும்பத்தோடு எந்த ஊருக்குப் போகிறோம் என்பதும் இதில் இல்லை. இந்தப் பதில் முன்பின் தெரியாதவர்களுக்கும் போகும். கையெழுத்துப் பகுதியில் வீட்டு முகவரியும் இருந்துவிட்டால், வீடு இத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்று நாமே நோட்டீஸ் ஒட்டியது போலாகிவிடும்.

மாற்றாள் பெயரைப் போடும்முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. அவருக்கும் அதே நாட்களில் லீவா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். பொங்கல், தீபாவளி சமயத்தில் இவர் அவரைக் கைகாட்ட, அவருடைய ஆட்டோ ரிப்ளை இவரைக் கைகாட்ட, பையர் நடுவில் நின்று சுற்றுவது நடக்கக்கூடியதே. ஆலை முழுக்கப் பூட்டியிருந்தால் அதையே சொல்லிவிடலாம்: “ஜனவரி 14 முதல் 18 வரை எங்கள் அலுவலகம் முழுவதும் விடுமுறை.” கிடைக்காத ஒருவரின் பெயரைக் கொடுப்பதைவிட இது நேர்மையானது.

வாசகத்தைத் திருத்தியவர்கள் தலைப்பு வரியை மறந்துவிடுகிறார்கள். உள்ளே பணிவாக எழுதிவிட்டு, மேலே “தப்பிச்சுட்டேன்டா சாமி!” என்ற பழைய தலைப்பை அப்படியே விட்டுவைத்தால், செல்போனில் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தலைப்பிலேயே “விடுப்பு: ஜனவரி 19 திரும்புகிறேன்” என்று இருந்தால், பலருக்குத் திறந்து படிக்கவே வேண்டியிருக்காது.

மொழி விஷயத்தில் ஒரு சம்பவம் உலகப் புகழ் பெற்றது. 2008இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்சி நகராட்சி, கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்று சொல்லும் சாலைப் பலகை ஒன்றைத் தயாரித்தது. அங்கே பலகைகள் ஆங்கிலம், வெல்ஷ் இரண்டிலும் இருக்க வேண்டும். ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்புக்கு மெயிலில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் பதில் வந்தது. அதை அப்படியே அச்சிட்டுப் பலகையை நட்டும்விட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மொழிபெயர்ப்பாளர் தாம் தற்போது அலுவலகத்தில் இல்லை என்று போட்டு வைத்திருந்த ஆட்டோ ரிப்ளைதான் அந்த வாசகம்! அதில் நகைச்சுவை எதுவும் இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. படிப்பவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் குறை. வெளிநாட்டு பையர்கள் உள்ள நம் மெர்ச்சன்டைசர் ஆங்கிலத்தில் முதலிலும் தமிழில் அடுத்தும் எழுதுவதே சரி. முதல் வரியிலேயே “இது தானாகச் செல்லும் பதில்” என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

இதுவரை பார்த்தது நான்கைந்து நாள் லீவு. அதில் அனுப்பியவரிடம் நாம் கேட்பது, கொஞ்சம் காத்திருங்கள் என்பதுதான். மாதக்கணக்கில் போகிறவர் அதைக் கேட்க முடியாது. அங்கே வாசகத்தின் வேலையே மாறிவிடுகிறது. காத்திருக்கச் சொல்வதற்குப் பதிலாக, வந்தவரை வேறு இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒரு பெண் பேறுகால விடுப்பில் போகிறார். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. அவர் இப்படி எழுதுகிறார்: “எனக்குப் புது மேனேஜர் வருகிறார். இரவு இரண்டு மணிக்கும் கூப்பிடுவார், சம்பளம் தரமாட்டார். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் பதில் எழுதுகிறேன்!” உண்மையிலேயே நல்ல நகைச்சுவை, காளையைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால், பில் அனுப்பும் சாயப்பட்டறைக்காரருக்கு இதிலிருந்து தெரிவது, ஆறு மாதத்துக்குப் பணம் வராது என்பதே.

கூடவே, இது ஒருமுறை படிக்கும் வாசகமும் அல்ல. ஜிமெயிலில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினால், நான்கு நாளுக்கு ஒருமுறை அவருக்கு இந்தப் பதில் போகும். வாரம் ஒரு பில் அனுப்புகிறவர் இந்த மேனேஜர் நகைச்சுவையை 26 முறை படிப்பார். அவுட்லுக் வேறு மாதிரி. ஒருவருக்கு ஒருமுறைதான் அனுப்பும். மார்ச்சில் படித்தவர் ஜூலையில் அதை மறந்துவிட்டு மறுபடி எழுதினால், பதிலே வராது. இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டுமானால், வாசகம் படித்தவுடன் முகவரியை மாற்றிக்கொள்ள வைப்பதாக இருக்க வேண்டும்:

“வணக்கம். 2026 மார்ச் 2 முதல் ஆகஸ்ட் மாத இறுதிவரை நீண்ட விடுப்பில் இருக்கிறேன். இந்த முகவரிக்கு வரும் மெயில்கள் இக்காலத்தில் படிக்கப்பட மாட்டா. பில், பணப்பட்டுவாடா தொடர்பான அனைத்தையும் கணக்குப் பிரிவின் பொது முகவரிக்கு (முகவரி) மீண்டும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். ஏற்கெனவே நிலுவையில் உள்ள பில்களின் விவரம் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. நன்றி.”

ஏன் விடுப்பு என்று இதில் சொல்லவில்லை. பிரசவமோ, அறுவை சிகிச்சையோ, அது அவர் சொந்த விஷயம். திரும்பும் தேதியும் மாத அளவில் போதும். மாற்றாக ஒரு ஆளின் பெயரைத் தராமல் பிரிவின் பொது முகவரியைத் தந்தது யோசித்துச் செய்தது. ஆறு மாதத்தில் அந்த ஆளே வேலையை விட்டுப் போயிருக்கலாம்.

“படிக்கப்பட மாட்டா” என்று எழுதப் பலருக்கும் கை வராது. “அவ்வப்போது பார்க்க முயல்கிறேன்” என்று எழுதிவிடுவார்கள். கேட்கப் பணிவாக இருக்கும். அனுப்பியவரோ அதை நம்பிக் காத்திருப்பார். ஜெர்மனியின் டைம்லர் கார் நிறுவனம் இதில் வெகுதூரம் போனது. ஊழியர் விரும்பினால், விடுமுறையில் அவருக்கு வரும் மெயில்கள் தானாகவே அழிந்துவிடும் ஏற்பாட்டை அங்கே வைத்திருந்தது 2014இல் செய்தியானது. மெயில் அழிக்கப்படுகிறது என்பதும் யாரை அணுகலாம் என்பதும் அனுப்பியவருக்குப் பதிலில் போய்விடும். நம்மூரில் அழிக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால், வெளிப்படையாகச் சொல்வதில் அவர்களை நான் ஆதரிக்கிறேன்.

நகைச்சுவைக்கு இடமே இல்லையா என்றால், நிறுவனத்தின் அவுட்லுக்கில் ஒரு மூலை இருக்கிறது. Automatic Replies பகுதியில் நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாட்களுக்கு ஒன்று என இரண்டு பெட்டிகள் உண்டு. பொங்கல் லீவுக்கு, தேதியும் மாற்றாள் பெயரும் எழுதிய பிறகு, உள்பெட்டியில் காளையை ஒரு வரிக்கு அவிழ்த்துவிடலாம். முதலாளியும் படிப்பார் என்பது நினைவிருந்தால் சரி. நீண்ட விடுப்புக்கு இரண்டு பெட்டியிலும் வேண்டாம்.

கிளம்பும்முன் உங்கள் சொந்த மெயிலிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒரு வரி அனுப்பி, என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். தொடக்கத் தேதியை எதிர்காலத்தில் வைத்திருந்தால் அந்த நாள் வரும்வரை பதில் வராது. அதை இன்றைக்கு மாற்றிச் சோதித்துவிட்டுத் திரும்ப மாற்றிவிடுங்கள். ஜிமெயிலின் Vacation responder முடிவுத் தேதியன்று இரவு 11.59 வரை ஓடும். திங்களன்று திரும்புகிறவர் ஞாயிற்றுக்கிழமையை முடிவுத் தேதியாக வைக்க வேண்டும். வெள்ளி என்று வைத்தால் சனி, ஞாயிறில் எழுதுபவர்களுக்கு ஒன்றும் போகாது. முடிவுத் தேதியே கொடுக்காமல் விட்டால், ஜிமெயிலானாலும் அவுட்லுக்கானாலும் நீங்கள் வந்து கையால் நிறுத்தும்வரை பதில் போய்க்கொண்டேதான் இருக்கும்.