சிலம்பத்தில் ஓங்கி அடிச்சாதான் பாயிண்டா? கம்புச் சண்டையில் ஸ்கோர் போடுவது எப்படி?

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிமேட்டில் இருந்து ஒரு பையன் முதல்முறையாகச் சிலம்பப் போட்டிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிராளியின் கம்பில் 'டமார்' என்று நாலு அடி அடிக்கிறான். கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் எதிராளியின் கைதான் உயர்த்தப்படுகிறது. "நம்ம பையன்தானே அதிகமா அடிச்சான்?" என்று அப்பா கேட்கிறார்.

சிலம்பம் பார்ப்பவர்களில் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அடியின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் இங்கே புள்ளி கிடையாது. கம்பு எதிராளியின் உடலைச் சுத்தமாகத் தொட்டதா என்பதுதான் கணக்கு.

2021-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் சிலம்பத்தை கேலோ இந்தியா திட்டத்தில் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. புதுச்சேரியைச் சேர்ந்த சிலம்பக் கலைஞர் கே.பழனிவேலுக்கு 2026-ம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சான்றிதழ், வேலைவாய்ப்பு ஒதுக்கீடு என்று எதிர்பார்ப்பு கூடியிருப்பதால், ஒரு புள்ளி போனாலும் இப்போது பெரிய விஷயம்தான்.

இரண்டு விதமான போட்டி

முதல் வகை, தனித்திறமை. ஒருவர் மட்டும் களத்தில் நின்று கம்பு சுற்றிக் காட்டுவார். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, மான்கொம்பு, சுருள்வாள் என்று பிரிவுகள் உண்டு. வேகம், காலடி, கம்பின் மேல் இருக்கும் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். கம்பு கை நழுவி விழுந்தால் மதிப்பெண் குறையும்.

இரண்டாவது வகை, தொடுமுறை. கம்புச் சண்டை என்றும் சொல்வார்கள். வயது, எடை பார்த்துப் பிரிக்கப்பட்ட இருவர், தலைக்கவசம் உள்ளிட்ட பாதுகாப்புக் கவசங்களோடு வட்டக் களத்தில் மோதுவார்கள். சண்டை சச்சரவு அதிகம் வருவது இந்த ஸ்கோரில்தான்.

அந்தக் காலத்தில் எப்படி எண்ணினார்கள்?

கம்பின் முனையில் ஒட்டும் தன்மையுள்ள வண்ணப்பொடியைத் தடவிக்கொண்டு ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணுவார்கள். இரு புருவங்களுக்கு நடுவே பொட்டு வைத்துவிட்டால் அவர்தான் கெட்டிக்காரர். எதிராளியின் கம்பைத் தட்டிப் பறக்கவிட்டாலும் வெற்றிதான்.

இந்த முறையிலேயே ஒரு விஷயம் தெளிவாகிறது. பொட்டு வைக்க பலம் வேண்டாம், தூரக் கணக்கு வேண்டும். இன்றைய தொடுமுறையும் அதே யோசனைதான். பொட்டை எண்ணுவதற்குப் பதிலாக நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள்.

ஒரு ஆட்டத்தைப் பார்ப்போம்

ஒரு தொடுக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். சிவப்பும் நீலமும் மோதுகிறார்கள்.

நீலம் தலையைக் குறிவைத்து வீசுகிறார். சிவப்பு கம்பை உயர்த்தித் தடுக்கிறார். கம்பும் கம்பும் மோதியதால் யாருக்கும் புள்ளி இல்லை. தடுத்த கையோடு சிவப்பு கம்பின் மறுமுனையை இறக்கி நீலத்தின் தொடையைத் தொடுகிறார். 1-0.

கோபத்தில் நீலம் வேகமாக முன்னால் பாய்கிறார். பாயும்போது பின்கால் முன்காலைத் தாண்டி, இரண்டு காலும் பின்னிக்கொள்கின்றன. அந்த நொடியில் அவரால் விலகவும் முடியாது, திரும்பவும் முடியாது. சிவப்பு ஒரு அடி பக்கவாட்டில் வைத்துத் தோளைத் தொடுகிறார். 2-0.

மூன்றாவதாக நீலம் ஓங்கி அடிக்கிறார். சிவப்பு தடுத்தும், அடியின் வேகத்தில் கம்பு வழுக்கிக்கொண்டு போய் அவர் தோளில் படுகிறது. கூட்டம் கத்துகிறது. ஆனால் தடுப்பில் பட்டு, வேகம் செத்த பிறகு உடம்பில் உரசியதைச் சுத்தமான தொடாக நடுவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கோர் அப்படியே நிற்கிறது.

அதிகம் அடித்தது நீலம், ஜெயித்தது சிவப்பு. வித்தியாசம் கையில் இல்லை, காலில் இருக்கிறது.

அதனால்தான் முதல் பாடம் கால்

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பல ஆசான்கள் உடனே கம்பு தருவதில்லை. முதலில் வணக்கம், பிறகு காலடி. சில மரபுகளில் 16 வகைக் காலடிகள் உண்டு. தொடக்கத்தில் பிடிபட வேண்டியவை மூன்று.

நேர் நிலை: பாதங்களைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி நிற்பது. வணக்கம் செய்வது இதில்தான்.

முன்கால் நிலை: ஒரு காலை முன்னால் வைத்து, தோள் அகலத்துக்குப் பாதங்களை விரித்து, முழங்காலை லேசாக மடக்கி நிற்பது. முன்பாதம் எதிராளியைப் பார்க்கும், பின்பாதம் சற்றுச் சாய்ந்திருக்கும். உடம்பின் எடை இரண்டு காலிலும் இருக்க வேண்டும். முன்காலைத் தூக்கச் சொன்னால் உடம்பு ஆடாமல் தூக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும், நிலை சரியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

காலடி மாற்றம்: தரையில் ஒரு கூட்டல் குறி போட்டு, நடுவில் நின்றுகொண்டால் புரியும். முன், பின், இடம், வலம் என்று ஒவ்வொரு அடியாக நகர வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் போகிற பக்கத்துக் கால் முதலில் நகரும், மற்றது அதைத் தொடரும். கால் பின்னக் கூடாது. நீலம் இரண்டாவது புள்ளியை விட்டது இந்த இடத்தில்தான்.

கம்பு பிடிப்பது

கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம் இருப்பது வழக்கம். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்தரை அடி. அண்ணனுடைய கம்பைத் தம்பி கையில் கொடுத்தால் சுற்றும்போது முனை தரையில் இடிக்கும்.

சண்டையில் ஒரு கை கம்பின் பின்முனைக்குப் பக்கத்திலும், மற்றது அதிலிருந்து சுமார் 40 செ.மீ. முன்னாலும் இருக்கும். கைகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் எட்டும் தூரம் குறையும். ரொம்பக் குறைந்தால் தடுக்கும்போது கம்பு நிலைக்காது. கண் கம்பின் முனையைத் துரத்தக் கூடாது, எதிராளியின் மார்பையும் தோளையும் பார்க்க வேண்டும். அடி கிளம்புவது அங்கேதான் முதலில் தெரியும்.

போட்டிக்கு முன் கேட்க வேண்டியவை

சிலம்பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன, விதிகளும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதனால் களத்தில் இறங்கும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. உடம்பில் எங்கே தொட்டால் எத்தனை புள்ளி? கம்பு முனையால் குத்தலாமா? இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் என்ன கணக்கு? கம்பு விழுந்தாலோ வட்டத்தைத் தாண்டினாலோ என்ன ஆகும்?

பதில் தெரிந்துவிட்டால், அந்த அப்பா அடுத்த போட்டியில் கம்பின் சத்தத்தைக் கேட்க மாட்டார். மகனின் காலைப் பார்ப்பார்.