தொடையைத் தூக்குவது எது?

என்.சி.சி. பயிற்சியில் ‘கதம் தால்’ என்று ஒரு கட்டளை உண்டு. நின்ற இடத்திலேயே நடைபோட வேண்டும். முழங்கால் நன்றாக உயர வேண்டும். தூக்குவது தொடைத் தசைதான் என்று மாணவர்கள் நினைப்பார்கள். அது பாதிதான் சரி. மீதி வேலை வயிற்றுக்குள், குடலுக்குப் பின்னால் நடக்கிறது.

அங்கே இருப்பது சோவாஸ் தசை. கீழ் முதுகின் முள்ளெலும்புகளைப் பற்றிக்கொண்டு தொடங்கி, இடுப்புக் கூட்டின் முன்பக்கமாக இறங்கி, தொடை எலும்பின் உட்புறம் உள்ள சிறு மேட்டில் முடிகிறது. இடுப்பெலும்பின் உட்குழிவிலிருந்து வரும் இலியாக்கஸ் தசை வழியில் இதோடு சேர்ந்துகொள்கிறது.

தொடையின் முன்புறத்தில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்ற தசை இருக்கிறது. அதுவும் தொடையைத் தூக்கும். ஆனால் கால் உயர உயர அதன் நீளம் குறைந்து, இழுக்கும் பலமும் குறைகிறது. தொடை இடுப்பின் மட்டத்தைத் தாண்டும்போது சோவாஸைத்தான் பெரிதும் நம்ப வேண்டும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு முழங்காலை இடுப்புக்கு மேலே தூக்கி, கையால் பிடிக்காமல் சில நொடிகள் நிறுத்துங்கள். உடம்பு பின்னால் சாய்ந்தாலோ கால் இறங்கினாலோ பலம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

சிட்-அப்பிலும் இதே தசைதான். நடையில் முதுகு நிலையாக நின்று தொடை அசைகிறது. இங்கே தொடை நிலையாக இருக்க, முதுகு எழுந்து வருகிறது. தோள்பட்டை எலும்புகள் தரையை விட்டு எழும்வரை உடம்பைச் சுருட்டுவது வயிற்றுத் தசை. அது காலைத் தொடுவதே இல்லை. ஆகவே இடுப்பை மடக்கி முழுதாக எழுப்ப அதனால் முடியாது. அங்கிருந்து சோவாஸும் அதன் கூட்டாளிகளும் எடுத்துக்கொள்கின்றன. முழங்காலை மடக்கிவிட்டால் சோவாஸ் ஓய்வெடுக்கும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். யாராவது பாதத்தை அழுத்திப் பிடித்தால் அது இன்னும் கூடுதலாக உழைக்கும்.

வயிற்றுத் தசை தளர்ந்தவர்களுக்குத்தான் சிக்கல். சோவாஸ் முள்ளெலும்புகளை முன்னோக்கி இழுக்க, கீழ் முதுகு வில்லாக வளைகிறது. எழும்போது இடுப்புக்கு அடியில் கை நுழையும் அளவு இடைவெளி விழுந்தால் அதுதான் அடையாளம். வயிற்றுக்காகச் செய்கிறவர்கள் தோள்பட்டை எழுந்ததும் நிறுத்திக்கொள்வதே மேல்.

பலம் இருந்தும் தசை இறுகிப்போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸின் பெயரால் ஒரு சோதனை இருக்கிறது. இன்று பலரும் செய்யும் முறையில், கட்டிலின் ஓரத்தில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் காலைக் கட்டிலுக்கு வெளியே தளரத் தொங்கவிட வேண்டும். தொங்கும் தொடை கட்டிலின் மட்டத்துக்கு மேலே நின்றுவிட்டால் சோவாஸ், இலியாக்கஸ் பக்கம் இறுக்கம். தொடை நன்றாக இறங்கியும் முழங்கால் மடங்காமல் நீண்டு நின்றால் இறுகியிருப்பது ரெக்டஸ் ஃபெமோரிஸ்.