எத்தனை நாள் மூச்சுத்திணறல்?

பல வருடம் பீடி பிடித்து நுரையீரல் கெட்ட ஒருவர் மூச்சுத்திணறலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டுத் தமனியில் எடுத்த ரத்தத்தைச் சோதித்தால் அமிலத்தன்மையைக் காட்டும் pH 7.30. இது 7.35-க்குக் கீழே போனால் ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

காரணம் தேட, அடுத்து கார்பன் டை ஆக்சைடைப் பார்க்கிறார்கள். 45-க்குள் இருக்க வேண்டியது 65. அப்படியானால் குற்றவாளி நுரையீரல்தான்; வாயு வெளியேறவில்லை.

எனக்குப் பிடித்த எண் பைகார்பனேட். அமிலத்தைச் சமன்செய்யும் இந்த உப்பைச் சிறுநீரகம் சேர்த்துவைக்கச் சில நாட்கள் ஆகும். இன்று காலைதான் வாயு தேங்கியது என்றால், இயல்பான 24-லிருந்து 26, 27-க்கு மேல் அது ஏறியிருக்காது. இவருக்கோ 31. ஆக, வாயு தேங்குவது பழைய கதை. ஆனாலும் pH இவ்வளவு இறங்கியிருப்பதால், இப்போது புதிதாகவும் ஏதோ மோசமாகியிருக்கிறது, பெரும்பாலும் சளித்தொற்று.

ஆக்சிஜன் 50தான். கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் அள்ளிக் கொடுத்தால் இவருக்குக் கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறும். விரல் கருவியில் 88 முதல் 92 சதவீதம் போதும். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். pH ஏறாவிட்டால் முகமூடி வழியே அழுத்தக் காற்று தருவார்கள்.